மதுரைத் தேநீர்க் கடைகளில் ஐந்து நாளும், பிறகு ஒரு நாளும்

முதல் நாள்: கீழமாசி வீதி

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இன்று காலை கீழமாசி வீதியில் ஒரு புதிய வேலை கிடைத்தது. அழைத்தவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது மதுரையிலும் சுற்று ஊர்களிலும் உள்ள டீக்கடைகளுக்கு மொத்தமாகத் தேயிலைத் தூள் போடுகிறார். தம்மிடம் தொடர்ந்து தூள் வாங்கும் கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் விளம்பரப் பலகையும் தம் செலவில் செய்து கொடுப்பது அவருடைய வியாபார வழக்கம். அந்தப் பலகைகளில் உள்ள வாசகங்களைத் திருத்தித் தர வேண்டும் என்பதே எனக்கு இட்ட பணி.

மேசை மேல் நான்கு கடைகளின் வாசகங்கள் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தன. சிவப்பு மை பேனாவைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். நான்கில் மூன்றில் 'தேனீர்' என்று இருந்தது. 'தே' என்பது தேயிலைச் செடிக்குச் சீனத்திலிருந்து கடல் வழியாகப் பல மொழிகளுக்கும் வந்த சொல். தே என்ற செடியின் இலை தேயிலை, அதை இட்ட நீர் தேநீர். 'தேனீர்' என்று எழுதினால் தேன் கலந்த நீர் என்றுதான் பொருள்படும். 'சூடாக கிடைக்கும்' என்பதில் ஒற்றுச் சேர்த்துச் 'சூடாகக் கிடைக்கும்' என்றாக்கினேன். 'டீ கடை' என்பதை 'டீக்கடை' என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

மாணவர் தாள்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அய்யா, பிழை திருத்துனதுக்கு ரொம்ப நன்றிங்கய்யா. ஆனா என் கவலை வேற. போன வருஷம் இந்தப் பலகைக்கெல்லாம் நல்ல காசு செலவழிச்சேன். கடைக்காரங்களக் கேட்டா, பலகையப் பார்த்து ஒரு ஆளு வந்ததாத் தெரியலங்கிறாங்க. டீ குடிக்க வந்தவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே ஞாபகமில்ல. எது ஞாபகத்துல நிக்கும்னு நீங்க நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதணும்யா" என்றார்.

மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கச் சொல்லியே காலம் கழித்த எனக்கு அந்தக் கேள்வி புதியதன்று. ஆனால் வகுப்பறையில் நினைவில் வைக்க வேண்டியதை நான் முடிவு செய்தேன். சாலையோரத்தில் அதை முடிவு செய்பவர் வேறு ஒருவர். நான்கு கடைகளையும் நேரில் பார்த்துவிட்டு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு நீளக் கோடிட்ட நோட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

இரண்டாம் நாள்: ஒத்தக்கடை

மேலூர் சாலையில், யானைமலை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் முதல் கடை. பலகை பெரிது. 'சுவையும் தரமும் சுகாதாரமும் நிறைந்த எங்கள் தேனீரை ஒருமுறை பருகிப் பாருங்கள், மறுமுறை நீங்களே வருவீர்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பையின் படமும் போட்டிருந்தார்கள். அந்தக் கடையில் கோப்பை கிடையாது. அங்கு உள்ளவை கண்ணாடிக் கிளாஸ்கள்தாம்.

காலை எட்டு மணி முதல் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்து, குடித்து முடித்துக் காசு கொடுப்பவர்களிடம் "இந்தக் கடை விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து பலகையைப் பார்த்து வாசித்துச் சொன்னார்கள். நினைவைக் கேட்பதாக எண்ணி, நான் அவர்களின் எழுத்தறிவைக் கேட்டிருக்கிறேன் என்று ஐந்தாவது ஆளிடம் புரிந்தது.

அதனால் கேள்வியை மாற்றி, பலகை கண்ணில் படாதபடி கடையின் பின்புறம் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குச் சென்று நின்றேன். வண்டி எடுக்க வந்தவர்களிடம், "பலகையில் 'சுவையும் தரமும்' என்று எழுதியிருக்கிறதே, பார்த்தீர்களா?" என்றேன். ஏறக்குறைய எல்லோரும் "ஆமா, பார்த்தேன்" என்றார்கள். மனம் நிறைந்தது. ஆனால் ஆசிரியராக இருந்த பழக்கத்தில் ஒரு சந்தேகமும் உடன் வந்தது. பாடம் புரிந்ததா என்று கேட்டால் வகுப்பு முழுவதும் புரிந்தது என்றுதான் சொல்லும். ஆகையால் அடுத்து வந்தவர்களிடம் பலகையில் இல்லாத ஒரு வாசகத்தைக் கேட்டேன்: "'நான்கு தலைமுறைப் பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா?" கேட்ட பதினெட்டுப் பேரில் பதினொருவர் கவனித்ததாகச் சொன்னார்கள். ஒருவர், "மேல சின்னதாப் போட்டிருக்குமே, அதானே?" என்று இடமும் காட்டினார்.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அப்படி ஒரு வரி எந்தக் கடைப் பலகையிலும் இருக்கக்கூடியதுதான். பழகிய சொல் காதில் விழுந்ததும் பார்த்ததாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைத்தன. வாசகத்தை நாமே எடுத்துக் கொடுத்துக் கேட்டால் வரும் 'ஆமாம்' எதற்கும் பயன்படாது. இல்லாத வாசகத்தையும் இருப்பதாக நம்ப வைக்கும் அளவுக்குப் பொதுவாக இருக்கும் சொல், உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தாலும் எந்தக் கடைக்கும் உரியதாக ஒட்டுவதில்லை. சுவை, தரம், சுகாதாரம் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. பலகையில் அவை பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தன. நேற்று நானும் அவற்றின் மேல் பேனா வைக்காமல் விட்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: திருமங்கலம்

பயணத்தில் மிகுதியாகக் கற்றுக்கொண்ட நாள் இது.

நேற்று இரவு படுக்கையில் கேள்வியைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒருவர் ஒரு கடையைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பது, அதை அவர் இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் வெளிப்படும். எனவே இன்று கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "உங்கள் நண்பர் இப்போது போன் பண்ணுகிறார். எந்தக் கடையில் டீ குடித்தீர்கள் என்று அவருக்கு அடையாளம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள்?" கேட்ட இடம் கடையிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, கடைக்கு முதுகு காட்டி நிற்கும் பேருந்து நிறுத்தம். கடைக்காரர் காதில் விழும் தூரத்தில் கேட்டால் மரியாதைக்காகப் புகழ்வார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. சொன்னதைச் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். திருத்தி எழுதினால் என் சொல்லாகிவிடும்.

இந்தக் கடையின் பலகையில் 'சுவையான இஞ்சி டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ, பால், காபி, சுக்குக் காபி, பூஸ்ட், ஹார்லிக்ஸ் கிடைக்கும்' என்று எட்டுப் பொருள்கள் வரிசையாக இருந்தன. மாலைக்குள் இருபது பேரிடம் கேட்டு முடித்தேன். பலகையில் உள்ள பெயரைச் சொல்லிக் கடையை அடையாளம் காட்டியவர் ஒருவர்கூட இல்லை. நான்கு பேர் "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்று இடத்தை மட்டும் சொன்னார்கள். மூன்று பேர் கடைக்காரரின் மீசையைச் சொன்னார்கள். இரண்டு பேர் பித்தளை பாய்லரைச் சொன்னார்கள். இரண்டு பேருக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. மீதி ஒன்பது பேர், ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டதுபோல, "இஞ்சி தட்டிப் போடுவாரே, அந்தக் கடை" என்றார்கள்.

'சுவையான இஞ்சி டீ' என்று பலகை சொல்கிறது. 'இஞ்சி தட்டிப் போடுவார்' என்று வாடிக்கையாளர் சொல்கிறார். பெயரடை உதிர்ந்துபோய் வினை நின்றுவிட்டது. நோட்டில் அந்த ஒன்பது வரிகளையும் மறுபடி படித்தபின் எழுந்து கடைக்குப் போய், பாய்லருக்கு அருகில் நின்று பார்த்தேன்.

பாய்லர் மேடையின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகல இரும்பு உரல் ஒன்று இருக்கிறது. இஞ்சி டீ என்று சொன்னதும், மாஸ்டர் தோல் சீவிய இஞ்சித் துண்டு ஒன்றை அதில் போட்டு, குட்டை உலக்கையால் மூன்று தட்டுத் தட்டுகிறார். முதல் தட்டில் ஓசை மழுங்கலாக இருக்கிறது, இஞ்சி நசுங்கியபின் மூன்றாவது தட்டு இரும்பும் இரும்பும் மோதிக் கணீரென்று கேட்கிறது. நசுங்கிய இஞ்சியை வடிகட்டியில் வைத்து, மேலே கொதிக்கும் பாலை ஊற்றும்போது அந்த வாசம் பெஞ்சு வரைக்கும் வருகிறது. பேருந்துக்கு அவசரமாக நிற்பவரும் அந்த ஓசைக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். பக்கத்துக் கடைகளில் இஞ்சியைக் காலையிலேயே மொத்தமாக அரைத்துப் பாலில் போட்டுவிடுகிறார்கள், அதனால் அங்கு தட்டும் ஓசை இல்லை. அது ஒன்றுதான் இந்தக் கடைக்கு மட்டும் உரியது.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கற்பித்த உளவியலில் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1933இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர், ஒரே மாதிரியான பொருள்களின் வரிசைக்கு நடுவே மாறுபட்ட ஒன்று இருந்தால் அதுவே நன்றாக நினைவில் நிற்கிறது என்று சோதித்துக் காட்டினார். தேர்வுக்காகப் படித்த அந்தப் பாடத்தின் பொருள், திருமங்கலத்தில் ஓர் இரும்பு உரலின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எட்டுப் பானங்களின் வரிசையில் இஞ்சி டீயும் ஒன்றாக நின்றதால் பலகையில் அது கண்ணில் படவில்லை. உரலில் அது தனியாக நின்றது, அதனால் காதில் விழுந்தது.

மாலையில் புதிய வாசகத்தை எழுதினேன்: 'இஞ்சி தட்டிப் போடும் டீ.' மற்ற ஏழு பொருள்களும் கடைக்குள் விலைப் பட்டியலில் இருந்தால் போதும் என்று குறிப்பும் எழுதினேன். 'டீ' என்ற இடத்தில் 'தேநீர்' என்று எழுதக் கை போனது. இருபது பேரில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. நான் மிகவும் விரும்பும் சொல்லாயினும் இந்த வரியில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தேன். கடையின் பெயரில் மட்டும் 'தேநீரகம்' என்று, தந்நகரம் தவறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: செக்கானூரணி

ஆரப்பாளையத்தில் தேனி பேருந்தில் ஏறி, உசிலம்பட்டிச் சாலையில் செக்கானூரணியில் இறங்கினேன். இங்குள்ள கடையின் சிறப்பு மாலையில் கிடைக்கும் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கொடுக்கும் இந்தப் பானத்தை மதுரைப் பக்கத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பேரிடம் கேட்டதில் எட்டுப் பேர் "சாயங்காலம் பருத்திப்பால் போடுற கடை" என்றார்கள். எனவே எதை எழுதுவது என்ற கேள்வி அரை மணியில் தீர்ந்துவிட்டது.

தீராதது வேறு ஒன்று. இந்தக் கடைக்கு வர வேண்டியவர்களில் பெரும்பாலோர் சாலையில் வண்டியில் போகிறவர்கள். அவர்கள் பலகையைப் பார்க்கிறார்களா என்று அறிய, பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னால் போய், அங்கிருந்து திரும்பி வரும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து நானே படித்துப் பார்த்தேன். முப்பத்தொரு சொற்கள் உள்ள பலகையில் ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை. பலகை சாலைக்கு இணையாகச் சுவரோடு ஒட்டி இருப்பதால், நேர் எதிரே வரும்போதுதான் எழுத்துத் தெரிகிறது, தெரிந்த கணத்திலேயே பேருந்து தாண்டிவிடுகிறது.

கடைக்காரர் அழைத்து வந்த ஓவியர், சுவர் விளம்பரக் காலத்திலிருந்து எழுதி வருபவர். அவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். "பத்தடி தூரத்துக்கு எழுத்து ஓரங்குல உயரம் இருக்கணும் சார். அதுக்கும் குறைஞ்சா எழுத்து இருக்கிறது தெரியும், படிக்க வராது." மீதியை நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. பலகையைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்பி, 40 மீட்டர் தொலைவிலேயே படிக்கும்படி எழுதினால், பார்ப்பவருக்கு மூன்றரை வினாடி கிடைக்கும். வண்டி ஓட்டுபவர் அந்த மூன்றரை வினாடியையும் பலகைக்குக் கொடுக்க மாட்டார். மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. 40 மீட்டர் என்பது ஏறத்தாழ 130 அடி, ஆகவே எழுத்தின் உயரம் 13 அங்குலம். எட்டடிக்கு நான்கடிப் பலகையில் அந்த அளவுக்கு இரண்டு வரி அடங்கும்: முதல் வரியில் 'பருத்திப்பால்', இரண்டாம் வரியில் 'மாலை 5 மணி'.

கடைக்காரர் முதலில் ஒப்பவில்லை. "காசு குடுத்துப் பலகை வைக்கிறோம், பாதி வெத்தா இருக்குதே சார்" என்றார். அவருடைய வருத்தம் நியாயமானது. பலகையின் விலை பரப்புக்குத்தானே தவிரச் சொல்லுக்கு இல்லை. அவர் மகனை என்னுடன் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, பழைய பலகையில் அவன் தன் கண்ணால் எத்தனை சொல் படித்தான் என்று அவனையே தந்தையிடம் சொல்லச் செய்தேன். அதன்பின் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

ஓவியர் இன்னொன்றும் சொன்னார், நான் கவனிக்கத் தவறியது. தமிழில் கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகளைக் கணினியில் மெல்லிய வடிவில் அச்சிட்டால் தொலைவிலிருந்து 'ரு' வெறும் 'ர' போலவும், புள்ளி வைத்த எழுத்து புள்ளி இல்லாததாகவும் தெரியுமாம். அதனால் புள்ளியை அவர் எழுத்தின் தடிமனுக்குச் சமமாக வட்டமாகவே வைக்கிறார். 'பருத்திப்பால்' என்ற சொல்லில் மூன்று புள்ளிகள். மூன்றையும் அவர் மஞ்சள் பின்னணியில் கறுப்பாக வைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஐந்தாம் நாள்: சோழவந்தான்

வழியெல்லாம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள இந்தக் கடையை நடத்துபவர் அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா. கணவர் இருந்த காலத்தில் அவர் பெயரில் கடை நடந்தது. பலகையும் அவர் பெயரோடு 'டீ ஸ்டால்' என்று இருக்கிறது.

கேட்ட பதினான்கு பேரில் பத்துப் பேர் "அரசமரத்துக் கடை" என்றார்கள். கடைக்கு முன் அரசமரம் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அடையாளம் சொன்னவர்களில் ஒரு பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது, அவன் அந்த மரத்தைப் பார்த்திருக்கவே முடியாது. வீட்டில் எல்லோரும் சொல்வதைக் கேட்டுச் சொல்கிறான். மரம் போனபின்னும் பெயர் நிற்கிறது, ஏனெனில் அந்தச் சொல்லால் ஒருவருக்கொருவர் வழி காட்டிக்கொள்கிறார்கள்.

இங்கு நினைவில் நின்ற இன்னொன்று விலை. சென்ற முறை பலகை வைத்தவர்கள் 'டீ 10 ரூபாய்' என்று பெரிதாக அச்சிட்டுவிட்டார்கள். பால் விலை ஏறி டீ 12 ரூபாய் ஆனபோது, அந்த அம்மா '10'இன் மேல் தாள் ஒட்டினார். மழையில் தாள் உரிந்து பழைய விலை மறுபடி தெரிந்தது. "பலகையில பத்துன்னுதானே போட்டிருக்குன்னு ஒரு மாசம் தினமும் சண்டைங்க சார். சுவையா இருக்குன்னு எழுதுனத ஒருத்தரும் கேக்கல. பத்து ரூவாய மட்டும் அத்தனை பேரும் மறக்காம வச்சிருந்தாங்க" என்றார். விலை நினைவில் நிற்கும், ஆகவே மாறக்கூடிய விலையை நிலையான பலகையில் எழுதக் கூடாது. கரும்பலகை ஒன்றில் சாக்பீஸால் எழுதிக் கடைக்குள் வைக்கும்படி சொன்னேன். சாக்பீஸ் பெட்டி என் பையிலேயே இருந்தது, ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.

பெயரைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். 'அரசமரத்துக் கடை' என்று வைக்கலாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு, "அவுக பேரு எங்கயும் எழுதலைன்னா அப்புறம் எங்க சார் இருக்கும்?" என்றார். வாடிக்கையாளர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று ஐந்து நாளாகத் தேடி அலைந்த நான், அந்தக் கேள்விக்கு விடையாக எதையும் என் நோட்டில் குறித்து வைத்திருக்கவில்லை. முதல் வரியில் பெரிதாக 'அரசமரத்துக் கடை', அதன் கீழே பாதி அளவில் அவர் கணவர் பெயரும் 'நிறுவியவர்' என்ற சொல்லும் வருமாறு எழுதினேன். சாலையில் போகிறவர்கள் முதல் வரியைப் படிப்பார்கள். இரண்டாம் வரி பெஞ்சில் உட்காருபவர்களுக்கானது, அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அவர் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்குப் பின்: மீண்டும் திருமங்கலம்

பலகைகள் எல்லாம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்ததும் முதலில் திருமங்கலத்துக்கே புறப்பட்டேன். அதே நிறுத்தத்தில், அதே கேள்வியை, இம்முறையும் இருபது பேரிடம் கேட்டேன். பதின்மூன்று பேர் இஞ்சி தட்டுவதைச் சொன்னார்கள். முன்பு ஒன்பது. இந்த நான்கு பேரும் பலகையால் வந்தவர்கள் என்று நான் மாணவரிடம் சொல்லப் போவதில்லை. இருபது பேர் சிறிய கணக்கு, மேலும் உரலின் ஓசை முன்பும் கேட்டது, இப்போதும் கேட்கிறது. ஆனால் ஒருவரைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். கடையில் டீ குடிக்காமலே நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணி, "உள்ள போனதில்லங்க. இஞ்சி தட்டிப் போடுற டீன்னு போட்டிருக்குமே" என்றார். ஓசை எட்டாதவரிடம் பலகை எட்டியதற்கு அவர் ஒருவரே எனக்குக் கிடைத்த சான்று.

பிற்பகல் மூன்றரை மணிக்குக் கடையில் ஒரு சிறு தகராறு. கல்லூரி மாணவன் ஒருவன் போனில், "டேய், இஞ்சி தட்டிப் போடுற கடைல நிக்கிறேன், வா" என்று நண்பனை அழைத்தான். நண்பன் வந்தான், இருவருக்கும் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அழைத்தவன் கிளாஸை மேடையில் வைத்து, "அண்ணே, தட்டவே இல்லையேண்ணே" என்றான். இஞ்சி மதியமே தீர்ந்துபோயிருந்தது. பழைய பலகை இருந்த காலத்தில் இஞ்சி தீர்ந்த நாள்களில் யாரும் கேட்டதில்லை என்று மாஸ்டர் என்னிடம் சற்று வருத்தத்தோடு சொன்னார்.

அந்தப் பையன் சொன்னது சரி. அவன் நினைவில் வைத்திருந்தது பலகையில் எழுதியிருந்த அதே சொல், அதை எழுதிக் கொடுத்தவன் நான். கடைக்காரரிடம் சொல்லி, ஒரு பையனைச் சந்தைப்பக்கம் இஞ்சி வாங்க அனுப்பினோம். அவன் வரும்வரைக்கும் என்ன செய்வது என்று மாஸ்டர் கேட்டார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பாய்லருக்குப் பக்கத்தில் விலை எழுதியிருந்த கரும்பலகையின் அடியில், தொலைவிலிருந்தும் தெரியும்படி புள்ளிகளை வட்டமாக வைத்து எழுதினேன்: 'இஞ்சி வந்துகொண்டிருக்கிறது. இப்போது வெறும் டீ.'

இரண்டு மாணவர்களும் அதைப் படித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.